தேர்வு மொழியும் சான்றிதழ் மதிப்பும்

தமிழில் எழுதித் தேறினாலும், ஆங்கிலத்தில் எழுதித் தேறினாலும், காப்பீட்டு முகவர் தேர்வு தரும் தகுதி ஒன்றுதான். நுழைவுத் தேர்வான நீட்டிலும் அப்படியே: எம்மொழியில் எழுதியோருக்கும் ஒரே தரவரிசைப் பட்டியல். ஆனால் வினாவின் மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது நீட் விதி. சமநிலை சறுக்குவது இங்கேதான். தமிழை மட்டும் நம்பிப் படிப்பவருக்கு அந்த ஆங்கில வடிவம் பெரிதாக உதவாது.

2018இல் நீட் தமிழ் வினாத்தாளின் 49 வினாக்களில் பிழை என்று வழக்குத் தொடரப்பட்டது. வினாவுக்கு 4 வீதம் தமிழில் எழுதியோருக்கு 196 மதிப்பெண் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூலையில் உத்தரவிட்டது. விடை தவறியவருக்கும் சரியாக எழுதியவருக்கும் ஒரே கருணை மதிப்பெண் என்பது தரவரிசையையே புரட்டிவிடும். உச்ச நீதிமன்றம் முதலில் தடை விதித்து, நவம்பரில் அத்தீர்ப்பை ரத்து செய்தது.