கேட்டேனா, கெட்டேனா?

இந்த எபிசோடு ஒரே ஒரு எழுத்தைப் பத்தினது. சரியா சொன்னா, ஒரு கொம்பைப் பத்தினது.

எங்க அப்பத்தாவோட அப்பா பினாங்குல ஒரு கடையில கணக்கு எழுதினவர். 1938-லேர்ந்து 1941 வரைக்கும் ஊருக்கு அவர் போட்ட கடிதங்கள்ல 31 மிஞ்சியிருக்கு. நானும் ஒரு நண்பனும் ஸ்கேன் பண்ணி, படிச்சு, டைப் பண்ணினோம். அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பிச்சது. பழைய எழுத்தை இன்னைக்கு இருக்கிறவங்க படிக்கிற மாதிரி மாத்தணும், ஆனா பேசுறது அவராவே இருக்கணும்.

இந்த மாதிரி வேலைன்னா எல்லாரும் முதல்ல நினைக்கிறது 1978 எழுத்துச் சீர்திருத்தம். துதிக்கை வச்ச ‘னை’, சுழிச்சு எழுதின ‘னா’, அதெல்லாம். பெரியார் 1935-ல குடிஅரசுல இந்தச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். தமிழ்நாடு அரசு 1978-ல ஆணை போட்டு அதுல 13 எழுத்து வடிவங்களை ஏத்துக்கிட்டது. நாங்களும் இதுக்குத்தான் பயந்தோம். ஆனா இதுல வேலையே இல்லை. பழைய ‘னை’யும் புது ‘னை’யும் யூனிகோடுல ஒண்ணுதான், வித்தியாசம் ஃபான்ட்ல மட்டும்தான். டைப் பண்ணின உடனே தானா மாறிடுது.

சிக்கல் வேற இடத்துல இருந்தது. அவர் ‘இந்த’ன்னு எழுத மாட்டார், ‘யிந்த’ம்பார். ‘எல்லாரும்’ அவருக்கு ‘யெல்லாரும்’. ‘சார்ந்தது’ன்னு வர்ற இடத்துல ‘சாற்ந்தது’. ‘ரெண்டு’, ‘ஒண்ணு’, ‘கிடைக்கலை’ன்னு பேசுற மாதிரியே எழுதுவார், திடீர்னு நடுவுல ‘க்ஷேமம்’, ‘கிருபை’ன்னு வரும். இதுல எது பழைய எழுத்து, எது அவர் குரல்?

நாங்க ஒரு சோதனை வச்சுக்கிட்டோம். மாத்தினதுக்கு அப்புறம் வாய்விட்டுப் படிச்சா சத்தம் மாறுதா? ‘யிந்த’, ‘இந்த’ ரெண்டையும் எங்க ஊர்ல ஒரே மாதிரிதான் சொல்லுவாங்க, அதனால மாத்தலாம். ‘சாற்ந்தது’ம் அப்படித்தான். ‘ரெண்டு’ங்கறதை ‘இரண்டு’ன்னு மாத்தினா வேற ஆள் பேசுறார், அதனால தொடக்கூடாது. ‘க்ஷேமம்’ங்கறதை ‘நலம்’னு மாத்தவே கூடாது. வடமொழி வேணுமா வேண்டாமான்னு அந்தக் காலத்துல பெரிய சண்டையே நடந்துக்கிட்டிருந்தது. அவரைக் கேக்காம நாம அவரை ஒரு பக்கம் சேர்த்துவிட முடியாது.

சோதனை எல்லா இடத்துலயும் கை கொடுக்கலை. ‘வாளைப்பளம்’னு எழுதியிருக்கார். ‘வாழைப்பழம்’னு திருத்தினாலும் நம்மள்ல பாதிப் பேர் ‘ள’ன்னுதான் படிப்போம். ஆனா அவர் வாய்ல ‘ள’தான் வந்திருக்குங்கறதுக்கு அந்த எழுத்துதான் சாட்சி. விட்டுட்டோம்.

‘யிப்பவும்’னு பத்திக்குப் பத்தி வரும். முதல்ல என் நண்பன் ‘இப்பொழுதும்’னு மாத்தி வச்சிருந்தான், படிச்சா ஒண்ணும் புரியலை. அது காலத்தைச் சொல்ற வார்த்தை இல்லை. நலம் விசாரிச்சு முடிச்சு விஷயத்துக்கு வரும்போது போடுற வார்த்தை, ‘நிற்க’ மாதிரி. ‘ய’வை மட்டும் எடுத்துட்டு ‘இப்பவும்’னு வச்சோம். (அதே நண்பன்தான் கடிதத்து உச்சியில இருந்த பிள்ளையார் சுழியைத் தமிழ் எண் ௨-ன்னு நினைச்சு, எல்லாக் கடிதத்துலயும் முதல் பக்கம் தொலைஞ்சுபோச்சுன்னு ரெண்டு நாள் தேடினான்.)

நான் இன்ஜினியர் இல்லையா, கையால மாத்துவேனா? ஒரு ரீஜெக்ஸ் எழுதினேன். சொல்லோட தொடக்கத்துல ‘யி’ வந்தா ‘இ’ ஆக்கு:

```python
re.sub(r"\bயி", "இ", "போயிருக்கார்")
# 'போஇருக்கார்'
```

சொல்லுக்கு நடுவுல போய் வெட்டியிருக்கு. ஏன்னா பைத்தானோட `re`-க்கு ‘ோ’ மாதிரி உயிர்க்குறி ஒரு எழுத்தே இல்லை. ‘போ’வோட சொல் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சுக்குது. `\b`-க்குப் பதிலா `(?<!\S)` போட்டா, அதாவது முன்னாடி இடைவெளி இருந்தாலோ வரி அங்கதான் ஆரம்பிச்சாலோ மட்டும் மாத்துன்னு சொன்னா சரியாகுது. ஆனா அவர் பாதி இடத்துல இடைவெளியே விடலை. கடைசியில 31 கடிதத்தையும் கண்ணாலதான் பார்த்தோம். அவர் எழுதினபடியே ஒரு கோப்பு, திருத்தினது இன்னொரு கோப்பு. முதல் கோப்பை யாரும் தொடக்கூடாதுங்கறது மட்டும்தான் கறாரான விதி.

இப்ப கொம்புக்கு வர்றேன். ‘ெ’ குறில், ‘ே’ நெடில்னு நமக்கு ரெண்டு தனிக் குறி இருக்கு. ஓலைச்சுவடியில அப்படி இல்லை, ரெண்டுக்கும் ஒத்தைக் கொம்புதான். நெடிலுக்குத் தனிக் கொம்பு வந்தது 18-ஆம் நூற்றாண்டுல வீரமாமுனிவரால. அச்சுல அது நிலைச்சிடுச்சு. ஆனா எங்க ஆள் படிச்சது திண்ணைப் பள்ளிக்கூடம், அவர் கைக்கு அச்சு வரலை. 31 கடிதத்துல ஒரு இடத்துலகூட நெடில் கொம்பு இல்லை. ‘சொன்னென்’, ‘பொனென்’, ‘வந்தென்’. இதெல்லாம் சுலபம், சொன்னேன், போனேன், வந்தேன். வேற எப்படியும் படிக்க முடியாது.

கடைசிக் கடிதம் விஷு வருஷம் ஐப்பசி மாசம்னு தேதி போட்டது. அதாவது 1941 அக்டோபர் கடைசி இல்லைன்னா நவம்பர். டிசம்பர்ல ஜப்பான் பினாங்கு மேல குண்டு போட்டது, அதோட கடிதம் நின்னுபோச்சு. அதுல இப்படி ஒரு வரி: ‘ரெண்டுமாசமாய்கெட்டென் ஒண்ணும்கிடைக்கலை’.

கேட்டேனா, கெட்டேனா?

எங்க குடும்பத்துக்குத் தெரிஞ்ச கதை, அவர் அங்க கெட்டு நொடிச்சுப் போயிட்டார்ங்கறது. என்ன தப்பு பண்ணினாரோன்னு சொந்தக்காரங்க ஜாடையா பேசியிருக்காங்க. 1946-ல திரும்பி வந்தப்புறமும் அவர் அதைப் பத்தி வாயே திறக்கலையாம். கொள்ளுப்பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தா எதிர்வீட்டுப் பையன்தான் படிச்சுக் காட்டுவான். பள்ளிக்கூடத்துல அச்சுப் புத்தகம் படிச்ச பையன், ஒத்தைக் கொம்பைப் பார்த்தா குறில்னுதான் படிப்பான்.

எழுத்துல ஆதாரம் கிடைக்காது, ஏன்னா அவர் கைக்கு ரெண்டும் ஒண்ணு. வேற கடிதத்துலதான் தேடணும். அதே வருஷம் ஆவணியில எழுதினதுல இருந்தது: ‘முதலாளியிடம் சம்பளபாக்கி கெட்டு யிருக்கிறென்’. சம்பள பாக்கியைக் கேட்கத்தான் முடியும், கெட முடியாது. ஆவணியிலேர்ந்து ஐப்பசி, சரியா ரெண்டு மாசம். ‘ஒண்ணும் கிடைக்கலை’ங்கறதும் அதோட ஒட்டுது. நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ‘கேட்டேன்’ பக்கம் எடை கூட.

பக்கத்துல அச்சடிச்சா ‘கேட்டேன்’னு போட்டு, மூலத்துல ‘கெட்டென்’னு கீழ ஒரு குறிப்பு எழுதிடலாம். பாட்காஸ்ட்ல படிக்கும்போது குறிப்பு போட முடியாதே. இழுக்கணும், இல்லைன்னா இழுக்கக் கூடாது.

பதிவு பண்றதுக்கு முன்னாடி அப்பத்தாகிட்ட ரெண்டு கடிதத்தையும் வரிசையா படிச்சுக் காட்டினேன். முதல்ல ஆவணி, அப்புறம் ஐப்பசி. ‘கேட்டேன்’னு இழுத்துத்தான் படிச்சேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், “அந்த முதலாளி பேரு எழுதியிருக்காரா, பாருப்பா”ன்னாங்க.

எழுதலை. 31-லயும் ‘முதலாளி’ மட்டும்தான்.