40 பேரில் 2 புகார்: அந்தக் கிளை உண்மையிலேயே மோசமா?

கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்கு நான்கு கிளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் தலைமையகம் எல்லாக் கிளைகளுக்கும் ஒரு பட்டியலை அனுப்புகிறது. எத்தனை விழுக்காட்டு வாடிக்கையாளர்கள் புகார் கொடுத்தார்கள் என்பதே பட்டியல்.

பொங்கோல்: 5 விழுக்காடு
ஜூரோங் ஈஸ்ட்: 3.6 விழுக்காடு
தெம்பனிஸ்: 2 விழுக்காடு
புக்கிட் பாஞ்சாங்: 0 விழுக்காடு

பொங்கோல் கிளை மேலாளருக்கு விளக்கக் கடிதம் கேட்டு மின்னஞ்சல் போகிறது. புக்கிட் பாஞ்சாங் கிளைக்கு 'இந்த மாதத்தின் சிறந்த கிளை' பரிசு.

இது கற்பனைக் கணக்குதான். ஆனால் பகுதிநேர வேலை பார்த்தவர்களுக்கு இந்த மாதிரிப் பட்டியல் புதிதாக இருக்காது. போனஸ், வேலை நேரம், சில சமயம் வேலையே கூட இதை வைத்து முடிவாகலாம்.

இப்போது அந்த விழுக்காடுகளுக்குப் பின்னால் இருக்கும் எண்ணிக்கையைப் பார்ப்போம்.

பொங்கோல்: 40 வாடிக்கையாளர், 2 புகார்
ஜூரோங் ஈஸ்ட்: 1,000 வாடிக்கையாளர், 36 புகார்
தெம்பனிஸ்: 900 வாடிக்கையாளர், 18 புகார்
புக்கிட் பாஞ்சாங்: 35 வாடிக்கையாளர், 0 புகார்

கதை மாறுது இல்லையா? பொங்கோலில் அந்த இருவரில் ஒருவர் புகார் கொடுக்காமல் வீட்டுக்குப் போயிருந்தால் விகிதம் 5இலிருந்து 2.5க்கு இறங்கியிருக்கும். ஜூரோங் ஈஸ்ட்டுக்குக் கீழே போயிருக்கும். அங்கே ஒரே ஒரு புகார் 2.5 விழுக்காட்டுப் புள்ளி. ஜூரோங் ஈஸ்ட்டிலோ ஒரு புகார் வெறும் 0.1 புள்ளி.

எல்லாக் கிளையும் ஒரே தரமாக இருந்தால்?

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. நான்கு கிளைகளையும் சேர்த்தால் 1,975 வாடிக்கையாளர்கள், 56 புகார்கள். மொத்த விகிதம் ஏறக்குறைய 2.8 விழுக்காடு. நான்கு கிளைகளும் சேவையில் துளியும் வேறுபடவில்லை, எல்லாவற்றின் உண்மை விகிதமும் இதே 2.8தான் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம்.

அப்படியிருந்தும், 40 வாடிக்கையாளர்கள் வரும் ஒரு கிளையில் 2 அல்லது அதற்கு மேற்பட்ட புகார்கள் வர சுமார் 31 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அதாவது 10 மாதங்களில் 3 மாதம், யாரும் எந்தத் தவறும் கூடுதலாகச் செய்யாமலேயே பொங்கோல் பட்டியலின் உச்சிக்கு வந்துவிடும்.

35 பேர் வரும் கிளையில் ஒரு புகாரும் வராமல் இருக்கும் வாய்ப்பு சுமார் 37 விழுக்காடு. புக்கிட் பாஞ்சாங்கின் பரிசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை தானாக வரக்கூடிய பரிசு.

சிறிய கிளைகள் பட்டியலின் இரண்டு முனைகளிலும் நிற்பது இதனால்தான். அமெரிக்கப் புள்ளியியல் வல்லுநர் ஹாவர்ட் வெய்னர் 2007இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குச் சிறுநீரகப் புற்றுநோயை உதாரணம் காட்டினார். அமெரிக்காவின் மாவட்டங்களில் அந்த நோயின் விகிதம் மிகக் குறைவாக இருப்பவை பெரும்பாலும் மக்கள்தொகை குறைந்த கிராமப்புற மாவட்டங்கள். நல்ல காற்று, நல்ல சாப்பாடு என்று காரணம் சொல்லத் தோன்றும். விகிதம் மிக அதிகமாக இருப்பவை? அவையும் மக்கள்தொகை குறைந்த கிராமப்புற மாவட்டங்கள்தான்.

ஒரு எண் போதாது, வரம்பு வேண்டும்

பொங்கோலுக்கு '5 விழுக்காடு' என்று மட்டும் எழுதுவது, நமக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்வது. கூடவே ஒரு நம்பக வரம்பையும் எழுத வேண்டும். இதே முறையில் பல தடவை கணக்கெடுத்து வரம்பு போட்டால், 100க்கு ஏறக்குறைய 95 தடவை உண்மை விகிதம் அந்த வரம்புக்குள் விழும். அதுதான் 95 விழுக்காட்டு வரம்பு.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் முதலில் சொல்லித்தரும் சூத்திரம், விகிதத்துக்கு இரு பக்கமும் ஒரே அளவு கூட்டிக் கழிப்பது. பெரிய எண்களுக்கு அது பரவாயில்லை. பொங்கோலுக்குப் போட்டால் கீழ் எல்லை மைனஸ் 1.8 விழுக்காடு என்று வரும். மைனஸ் புகார் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. வரைபடத்தில் கோடு பூஜ்யத்துக்குக் கீழே போனால், தப்பான சூத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று அப்போதே கண்டுபிடித்துவிடலாம்.

புக்கிட் பாஞ்சாங்கில் நிலைமை இன்னும் மோசம். விகிதம் 0 என்பதால் அந்தச் சூத்திரம் தரும் வரம்பு 0 முதல் 0 வரை. நமக்கு மிகக் குறைவாகத் தெரிந்த கிளையைப் பற்றித்தான் அது மிக உறுதியாகப் பேசுகிறது! மைனஸ் எண்ணாவது கண்ணை உறுத்தும். இது சுத்தமாகத் தெரிவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இதற்கு மாற்று, எட்வின் வில்சன் என்ற அமெரிக்க அறிஞர் 1927இல் தந்த முறை. சிறிய எண்ணிக்கையையும் பூஜ்யத்தையும் அது ஒழுங்காகச் சமாளிக்கும். எக்செல்லில் A2இல் புகார் எண்ணிக்கையும் B2இல் வாடிக்கையாளர் எண்ணிக்கையும் இருந்தால், முதல் வரி கீழ் எல்லையையும் அடுத்த வரி மேல் எல்லையையும் தரும்:

```
=(A2+1.9208-1.96*SQRT(A2*(B2-A2)/B2+0.9604))/(B2+3.8416)
=(A2+1.9208+1.96*SQRT(A2*(B2-A2)/B2+0.9604))/(B2+3.8416)
```

நம் நான்கு கிளைகளுக்கும் போட்டுப் பார்த்தால் கிடைப்பது இதுதான்:

பொங்கோல்: 1.4 முதல் 16.5 விழுக்காடு வரை
ஜூரோங் ஈஸ்ட்: 2.6 முதல் 4.9 வரை
தெம்பனிஸ்: 1.3 முதல் 3.1 வரை
புக்கிட் பாஞ்சாங்: 0 முதல் 9.9 வரை

'மோசமான' பொங்கோல் உண்மையில் தெம்பனிஸைவிட நல்ல கிளையாகக்கூட இருக்கலாம். 'சிறந்த' புக்கிட் பாஞ்சாங்கில் 10 பேரில் ஒருவர் அதிருப்தியோடு திரும்பும் நிலை இருந்தாலும் ஆச்சரியமில்லை. இந்த ஒரு மாதத் தகவலை வைத்து இரண்டையும் மறுக்க முடியாது.

கணினி இல்லாத நேரத்தில் பூஜ்யத்துக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி உண்டு. 3ஐ வாடிக்கையாளர் எண்ணிக்கையால் வகுத்தால் போதும், மேல் எல்லை ஏறக்குறைய கிடைத்துவிடும். 3ஐ 35ஆல் வகுத்தால் 8.6 விழுக்காடு. வில்சன் தரும் 9.9 அல்ல, ஆனால் 'பூஜ்யம்னா பிரச்சினையே இல்லை' என்று சொல்பவரை நிறுத்த இது போதும்.

அப்போ ஜூரோங் ஈஸ்ட்?

பட்டியலில் இரண்டாவதாக இருந்ததால் யாரும் கவனிக்காத கிளை இது. ஆனால் கூர்ந்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஜூரோங் ஈஸ்ட்டின் வரம்பும் தெம்பனிஸின் வரம்பும் 2.6க்கும் 3.1க்கும் இடையே ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன. 'வரம்புகள் தொட்டுக்கொண்டால் வித்தியாசம் இல்லை' என்று பலர் சொல்வார்கள். அது தவறு. இரண்டையும் ஒப்பிட, வித்தியாசத்துக்கே தனியாக வரம்பு போட வேண்டும். வித்தியாசம் 1.6 புள்ளி. அதன் வரம்பு 0.1 முதல் 3.1 வரை. பூஜ்யம் அதற்குள் இல்லை, மயிரிழையில்.

உடனே ஜூரோங் ஈஸ்ட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பலாமா? அவசரப்பட வேண்டாம். பட்டியலைப் பார்த்துவிட்டு, தூரமாகத் தெரிந்த இரண்டைப் பொறுக்கி எடுத்துத்தான் ஒப்பிட்டோம். கிளைகள் கூடக்கூட இப்படி ஏதாவது ஒரு ஜோடி தற்செயலாகவே மாட்டும்.

நிறையக் கிளைகள் இருந்தால் புனல் வரைபடம் நல்ல வழி. மருத்துவமனைகளை ஒப்பிட இதைப் பயன்படுத்தும் விதத்தைப் பிரிட்டிஷ் புள்ளியியல் வல்லுநர் டேவிட் ஸ்பீகல்ஹால்டர் 2005இல் விரிவாக விளக்கினார். கிடை அச்சில் வாடிக்கையாளர் எண்ணிக்கை, செங்குத்து அச்சில் புகார் விகிதம். நடுவில் 2.8 என்ற பொதுக் கோடு. அதன் மேலும் கீழும் இரண்டு வளைகோடுகள், இடப்பக்கம் அகலமாகத் தொடங்கி வலப்பக்கம் போகப்போக நெருங்கும். ஒவ்வொரு கிளையும் அதில் ஒரு புள்ளி. இங்கே யாருக்கும் முதலிடமும் கடைசி இடமும் கிடையாது. கோட்டுக்குள் இருக்கிறாயா, வெளியே இருக்கிறாயா என்பது மட்டும்தான் கேள்வி.

1,000 வாடிக்கையாளர் உள்ள இடத்தில் 95 விழுக்காட்டுக் கோடுகள் சுமார் 1.8க்கும் 3.9க்கும் வரும். ஜூரோங் ஈஸ்ட்டின் 3.6 உள்ளேதான் இருக்கிறது, ஆனால் மேல் கோட்டுக்குப் பக்கத்தில். 40 பேர் வரும் பொங்கோலிலோ 3 புகார் வந்தால்கூடக் கோட்டைத் தாண்டாது. ஆக, ஜூரோங் ஈஸ்ட்டை அடுத்த மாதமும் கவனிக்க வேண்டும். பொங்கோலிடம் விளக்கம் கேட்க இப்போதைக்குக் காரணம் இல்லை.

பொங்கோலைப் பற்றி எப்போதுமே தெரியாதா?

தெரியும், காத்திருந்தால். 12 மாதங்களைச் சேர்த்து 480 வாடிக்கையாளர்களில் 12 புகார் என்று வந்தால், விகிதம் 2.5, வரம்பு 1.4 முதல் 4.3 வரை. 16.5 வரை நீண்டிருந்த மேல் எல்லை இப்போது கைக்கு அடங்கிவிட்டது. அமெரிக்காவின் தேசியச் சுகாதாரப் புள்ளிவிவர நிலையம் 20க்கும் குறைவான மரணங்களை வைத்துக் கணக்கிட்ட இறப்பு விகிதங்களை நம்பகமற்றவை என்று நெடுங்காலமாகக் குறித்துவந்தது. மாதப் பட்டியலில் 2 புகாரை விழுக்காடாக மாற்றாமல், '40 பேரில் 2' என்று அப்படியே போடுவது அதே போன்ற நேர்மை.

ஆனால் மாதங்களைச் சேர்ப்பதற்கும் ஒரு விலை உண்டு. மார்ச்சில் புதிய ஊழியர் வந்து நிலைமை மாறியிருந்தால், ஆண்டுக் கணக்கு அதை மூடிவிடும்.

இன்னொன்று. எந்த வரம்பும் தற்செயலை மட்டும்தான் அளக்கிறது. ஒரே வாடிக்கையாளர் மூன்று முறை எழுதினால் அதை 3 புகாராகப் பதிந்தார்களா, 1 ஆகவா என்பது அதற்குத் தெரியாது. ஒரு கிளையில் முகப்பிலேயே கியூஆர் குறியீடு ஒட்டியிருக்கும், ரெண்டு நிமிடத்தில் புகார் கொடுத்துவிடலாம். இன்னொரு கிளையில் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத வேண்டும். அங்கே வரும் வயதான அத்தை ஒருவர் கோபத்தோடு வெளியே போவார், எழுத மாட்டார். அவருடைய புகார் எந்த வரம்புக்குள்ளும் இருக்காது. எல்லாக் கிளையிலும் ஒரே விதமாகப் புகாரைப் பதிகிறார்களா என்பதைச் சூத்திரம் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

பொங்கோலின் அந்த 2 புகாரையும் என்ன செய்வது? எடுத்துப் படிக்கலாம். ஒன்று 'ரொம்ப நேரம் காத்திருந்தேன்' என்பதாக இருக்கலாம். மற்றொன்று, பழுதுபார்க்கக் கொடுத்த தொலைபேசியிலிருந்து படங்களை யாரோ பார்த்திருக்கிறார்கள் என்பதாக இருக்கலாம். இரண்டாவது புகாரை விசாரிக்க விகிதமோ வரம்போ தேவையில்லை.