எபிரேய எண்ணுப்பெயர்களின் எதிர்ப்பால் வழக்கு

எபிரேய மொழியில் 3 முதல் 10 வரையுள்ள எண்ணுப்பெயர்கள், தாம் எண்ணும் பெயர்ச்சொல்லின் பாலுக்கு மாறான பாலின் வடிவை ஏற்பது எதிர்ப்பால் வழக்கு எனப்படும். பெயர்ச்சொற்களில் பெண்பாலைக் காட்டும் ‘ஆ’ விகுதி ஆண்பால் பெயருக்குரிய எண்ணில் அமைய, பெண்பால் பெயருக்குரிய எண் விகுதியின்றி நிற்கும். அரபு முதலிய பிற செமித்திய மொழிகளிலும் இவ்வழக்கு காணப்படுவதால் இது மிகப் பழையதாகலாம். எனினும் உகாரித்து மொழியில் இது சீராகப் பின்பற்றப்படவில்லை.

இவ்வழக்கைத் தெளிவாகக் காட்டும் இடங்களுள் ஒன்று, எண்ணாகமம் முதல் அதிகாரத்திலுள்ள குடிமதிப்புப் பட்டியலாகும். ரூபன் கோத்திரத்தாரின் தொகையாகிய 46,500 அங்கே ‘ஷிஷ்ஷா வெஅர்பாயிம் எலெஃப் வஹமேஷ் மேயோத்’, அதாவது ‘ஆறும் நாற்பதுமான ஆயிரமும் ஐந்து நூறுகளும்’ என எழுதப்பட்டுள்ளது. ஆயிரத்தைக் குறிக்கும் ‘எலெஃப்’ ஆண்பாலாதலால் ஆறு ‘ஷேஷ்’ என நில்லாமல் விகுதி பெற்று ‘ஷிஷ்ஷா’ ஆகிறது. நூறுகளைக் குறிக்கும் ‘மேயோத்’ பெண்பாலாதலால் ஐந்து விகுதியின்றி ‘ஹமேஷ்’ என நிற்கிறது. இடையில் வரும் நாற்பது இரு பாலுக்கும் பொதுவாகையால், ஆறு அதனைக் கடந்து ஆயிரத்தின் பாலையே நோக்குகிறது. ஒரே தொகைக்குள் விதியின் இரு பக்கங்களும் இவ்வாறு அடுத்தடுத்து வருவது அழகிய அமைப்பாகும்.

விகுதியைக் கொண்டு ‘எலெஃப்’ பெண்பால் எனக் கருதுவது கற்போர் வழக்கமாகச் செய்யும் பிழை. தாண் கோத்திரத்தாரின் 62,700 அதனைத் திருத்த உதவும். 1, 2 ஆகியவை பெயரின் பாலோடு ஒத்தே வருவன. அங்கே இரண்டு ‘ஷ்னாயிம்’ என ஆண்பால் வடிவில் நிற்பதால் ஆயிரம் ஆண்பாலே என்பது தெரிகிறது. மொத்தத் தொகையாகிய 603,550-இல் மூவாயிரம் ‘ஷெலோஷெத் அலாஃபிம்’ என வருகிறது. அடுத்த சொல்லோடு இணையும்போது ‘ஆ’ விகுதி ‘எத்’ எனத் திரிந்தும் விதி மாறவில்லை.

‘எலெஃப்’ இப்பட்டியலில் ஆயிரத்தையன்றிப் படைப்பிரிவைக் குறித்தது என 1958-இல் மெண்டன்ஹால் முன்வைத்த கருத்து இன்னும் விவாதத்திற்குரியது. கோத்திரங்களின் ஆயிரங்கள் 598 ஆகவும் எஞ்சியவை 5,550 ஆகவும் இருக்க, மொத்தத்தில் அந்த 5,000 ஆயிரங்களோடு சேர்க்கப்பட்டுள்ளமை, கூட்டியவர் அச்சொல்லை ஆயிரம் என்றே கொண்டார் என்பதைக் காட்டுகிறது. எப்பொருள் கொண்டாலும் சொல் ஆண்பாலே ஆதலால் எண்ணின் வடிவம் மாறுவதில்லை.

வழக்கின் தோற்றம் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. எண்கள் முதலில் ‘மும்மை’, ‘ஐம்மை’ போன்ற பண்புப்பெயர்களாக விகுதியுடன் இருந்து ஆண்பால் பெயர்களோடு வழங்கின என்றும், விகுதியற்ற வடிவம் பெண்பாலுக்குப் பின்னர் ஒதுக்கப்பட்டது என்றும் மரபு இலக்கணங்கள் விளக்குவதுண்டு. வேறு சிலர் இதனை எதிர்முனைப்பாடு என்ற பொதுப் போக்காகக் கருதுவர். அது நிகழ்வுக்குப் பெயரிடுகிறதேயன்றிக் காரணம் கூறுவதாகத் தோன்றவில்லை.

இடைக்கால எபிரேய இலக்கணிகளுள் அரபில் எழுதியோர்க்கு இவ்விதி தம் எழுத்துமொழியிலேயே பழகியிருந்தது. இன்றைய இஸ்ரேலியப் பேச்சில் விகுதியற்ற வடிவம் இரு பாலுக்கும் பரவலாக வழங்குகிறது. எழுத்து நடை பழைய விதியைப் பேணுகிறது.