ஒகசாகி துண்டுகள்: ஒரு பெயர், இரண்டு பேர்

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு "ஒகசாகி துண்டுகள்" என்ற சொல் கட்டாயம் ஞாபகம் இருக்கும். கவை போல ஒரு படம் வரைவோம். ஒரு பக்கம் நீளமான ஓர் அம்புக்குறி, மறுபக்கம் சின்னச் சின்ன அம்புக்குறிகள். புள்ளி கிடைத்ததும் மறந்துவிடுவோம். அந்தச் சின்ன அம்புக்குறிகள் எங்கிருந்து வந்தன என்று வகுப்பில் நாம் சொல்வதும் குறைவு, நமக்குச் சொல்லித் தந்தவர்களும் குறைவு. ஆகவே இன்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

1960களின் தொடக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. டி.என்.ஏ.யின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. பற்றீரியாவில் அவை பிரியும் கவையில் இரண்டு புதிய இழைகளும் ஒன்றாகவே வளர்வதாக 1963இல் ஜோன் கெயின்ஸ் எடுத்த படங்கள் காட்டின. ஆனால் ஆர்தர் கோன்பேர்க் கண்டுபிடித்த பொலிமரேசு நொதியமோ 5′ இலிருந்து 3′ நோக்கி மட்டுமே இழையை நீட்டும். ஓர் இழைக்கு அது சரி. கவை திறக்கத் திறக்க அதன் பின்னாலேயே போகலாம். மற்ற இழை எப்படி வளரும்? எதிர்த் திசையில் வேலை செய்யும் நொதியம் ஒன்றைப் பலர் தேடினார்கள், கிடைக்கவில்லை.

யப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் ரெய்ஜி ஒகசாகியும் அவருடைய மனைவி சுனெகோ ஒகசாகியும் வேறு மாதிரி யோசித்தார்கள். அந்த இழை பின்னோக்கித் துண்டு துண்டாகத் தைக்கப்பட்டு, பிறகு ஒட்டப்படுகிறதோ? அப்படியென்றால் பிறந்த கணத்தில் அந்தத் துண்டுகளைப் பிடிக்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் ஒட்டிவிடும்.

அவர்கள் செய்தது இதுதான். ஈ.கோலை பற்றீரியாவை 20 பாகை செல்சியஸ் குளிரில் வளர்த்தார்கள், வேலை மெதுவாக நடக்கட்டும் என்று. அதற்குக் கதிரியக்கத் தைமிடீனைச் சில விநாடிகள் மட்டும் கொடுத்து, உடனே எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அந்த விநாடிகளில் சேர்ந்த புதிய டி.என்.ஏ. மட்டும் கதிரியக்கம் காட்டும். பிறகு காரத்தில் இழைகளைப் பிரித்து, சுக்குரோசுக் கரைசலில் மிக வேகமாகச் சுழற்றினார்கள். நீண்டது கீழே போகும், குட்டையானது மேலே நிற்கும். சில விநாடிகள் மட்டும் கொடுத்தபோது கதிரியக்கம் 1000 முதல் 2000 நியூக்கிளியோரைட்டு நீளமுள்ள குட்டைத் துண்டுகளில் இருந்தது. நேரத்தைக் கூட்டக் கூட்ட அது நீண்ட இழைக்கு இடம் மாறியது. 1968இல் இதை வெளியிட்டார்கள்.

உடைந்த துண்டுகளாகவும் இருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் அதே ஆண்டில் ஒரு விடை வந்தது. துண்டுகளை ஒட்டும் நொதியமாகிய லிகேசு அதற்கு முந்திய ஆண்டுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. லிகேசு பழுதான டி4 வைரசைப் பற்றீரியாவில் தொற்றவைத்தபோது குட்டைத் துண்டுகள் ஒட்டாமல் குவிந்தன. ஒட்டுபவனை நிறுத்தினால் துண்டுகள் மிஞ்சுகின்றன என்றால், அவை வழக்கமாக ஒட்டப்படுபவையே.

ஆனால் ஒரு நெருடல் மிஞ்சியது. பாதி மட்டும் துண்டாக இருக்க வேண்டிய இடத்தில், புதிய டி.என்.ஏ. கிட்டத்தட்ட எல்லாமே துண்டாகத் தெரிந்தது. அப்படியானால் முன்னணி இழையும் துண்டாகவா பிறக்கிறது? 1970களின் பிற்பகுதியில் ஒரு காரணம் தெரிந்தது. தைமினின் இடத்தில் தவறுதலாக யுராசில் சேர்ந்துவிடுவதுண்டு. திருத்தும் நொதியங்கள் அதை வெட்டி எடுக்கும்போது முன்னணி இழையிலும் தற்காலிக முறிவுகள் உண்டாகும். தூய நொதியங்களைச் சேர்த்துச் சோதனைக் குழாயில் செய்து பார்த்தால் முன்னணி இழை நீளமாகவே வருகிறது. (பாடநூலில் இந்த நெருடலே இருக்காது. ஆரம்பத்தில் இருந்தே எல்லாம் தெளிவாக இருந்ததுபோல எழுதியிருப்பார்கள்.)

இன்னொன்று. பொலிமரேசு ஓர் இழையை நீட்டுமே தவிர, வெறுமையில் இருந்து தொடங்காது. ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் தொடக்கம் தேவை. அது ஒரு குட்டி ஆர்.என்.ஏ. என்று ஒகசாகி குழுவினர் 1972இல் சொன்னார்கள். அதை வைப்பது பிரைமேசு என்ற நொதியம். பற்றீரியாவில் அதை அகற்றி இடத்தை நிரப்புவது பொலிமரேசு 1, கடைசித் தையல் லிகேசு. ஆனால் அந்த ஆர்.என்.ஏ. பிறந்ததும் அகற்றப்படுவதால் அதைப் பிடித்துக் காட்டுவது கடினம். பலர் நம்பவில்லை.

அந்த விவாதம் முடியும் முன்பே ரெய்ஜி காலமானார். அவர் ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1945இல் குண்டு விழுந்தபோது பதின்ம வயதுச் சிறுவன். 1975இல் இரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனபோது வயது 44.

சுனெகோ இரண்டு பிள்ளைகளோடு தனித்து நின்றார். ஆய்வுகூடத்தை மூடவில்லை. அந்தத் தொடக்க ஆர்.என்.ஏ.யைத் துண்டின் முனையிலேயே பிடித்து, அதன் அமைப்பைக் காட்டும் வேலையைத் தன் மாணவர்களோடு பல ஆண்டுகள் செய்து முடித்தார். 1983இல் நகோயாவில் பேராசிரியரானார். "ஒகசாகி" என்று கரும்பலகையில் எழுதும்போது நாம் ஒருவரைத்தான் சொல்கிறோம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்தப் பெயர் அவருடையதும்தான்.