'கல்' என்று போட்டால் போதுமா? போஸ்ட் போடும் முன் சப்ளையரிடம் ரீசெல்லர்கள் கேட்க வேண்டியவை

வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போட்டோ வருது. கருப்பா, உருண்டையா ஒரு குட்டி இடிகல், கூடவே குழவி. கீழே ஒரே வரி: 'நார்த்தாமலை ஒரிஜினல் கல், 6 இன்ச், இயற்கையானது, சமைக்கவும் இடிக்கவும் ஏற்றது'. நீங்க இதுவரை குர்தியும் ஹேண்ட்பேக்கும் வித்தவங்க. கல் பத்தி எதுவும் தெரியாது. அந்த வரியை அப்படியே காப்பி பண்ணி உங்க பேஜ்ல போட்டா என்ன ஆகும்?

அந்த ஒரு வரியில் சரிபார்க்க வேண்டிய விஷயம் நாலு இருக்கு. இதில் ஒன்று தப்பானாலும் பார்சல் திரும்பி வரும். கல் பார்சல் திரும்பி வர்ற கூரியர் செலவு, குர்தி திரும்பி வர்ற மாதிரி இருக்காது.

முதல் கேள்வி, இது என்ன கல்? 'இயற்கைக் கல்' என்பது பதில் இல்லை. சமையலறைக்கு வர்ற கல்லில் கருங்கல், மாக்கல், மார்பிள் மூணுமே உண்டு. மூணும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாதவை. அம்மி, ஆட்டுக்கல், உரல் எல்லாம் கருங்கல். அது இடி தாங்கும், ஆனா அடுப்பில் வைக்கிற பொருள் இல்லை. சூடு ஏறும்போது உள்ளே இருக்கிற தாதுக்கள் வெவ்வேறு அளவில் விரிவதால் விரிசல் விடலாம், சில்லு தெறிக்கலாம். கல்சட்டி செய்யறது மாக்கல்லில். அது சூட்டைத் தாங்கும், ஆனா மென்மையானது. அதில் மிளகை வச்சு ஓங்கி இடிச்சா கல்லும் சேர்ந்து தேயும். மார்பிள் இடிகல் பார்க்க அழகா இருக்கும். புளியும் எலுமிச்சையும் பட்டா அதன் பளபளப்பு போயிடும். ஆக, 'சமைக்கவும் இடிக்கவும் ஏற்றது' என்று ஒரே கல்லுக்குப் போட்டிருந்தாலே கொஞ்சம் சந்தேகப்படுங்க.

சப்ளையருக்கே தெரியலைன்னா? அடிப்பக்கத்தில் ஒரு இரும்பு ஆணியால் கீறி வீடியோ அனுப்பச் சொல்லுங்க. மாக்கல்னா பள்ளமா கீறல் விழும், வெள்ளைத் தூள் வரும், அதைத் தொட்டா பவுடர் மாதிரி வழுக்கும். கருங்கல்னா கல்லில் கீறல் விழாது, ஆணியோட இரும்புதான் சாம்பல் கோடா ஒட்டும். மார்பிளும் கீறல் வாங்கும், ஆனா அந்த வழுக்கல் இருக்காது. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டா மெல்ல நுரைக்கும், அந்த இடம் மங்கிப்போகும்.

அடுத்த கேள்வி கொஞ்சம் சங்கடமானது. உள்பக்கம் என்ன பூசியிருக்கு? கையால் கொத்திய இடிகல்லின் உட்புறம் சொரசொரப்பா இருக்கும், அப்போதான் பொருள் வழுக்காம அரைபடும். கண்ணாடி மாதிரி பளபளத்தா அது மெஷின் பாலிஷ். தரைக்கும் மேடைக்கும் போடுற கிரானைட் பலகைகளில் துளையை அடைக்க ரெசின் பூசுவாங்க, கருப்பு தெரிய சாயமும் ஏத்துவாங்க. அப்படிப்பட்ட பலகையின் மிச்சத் துண்டில் செய்த பொருளா என்று நேரடியாவே கேளுங்க. சாம்பிள் கையில் இருந்தா, நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைச்ச பஞ்சை அடிப்பக்கத்தில் தேய்ச்சுப் பாருங்க. பஞ்சு கருத்தா அதில் சாயமோ எண்ணெயோ இருக்கு. சமையலுக்கான பொருள் என்று அதை எழுத வேண்டாம்.

இப்போ அந்த '6 இன்ச்'. எந்த 6 இன்ச்? வெளி விட்டமா, உள் விட்டமா? அதிகமா புகார் வர்ற இடம் இதுதான். வெளி விட்டம் 15 செ.மீ, உயரம் 9 செ.மீ, சுவர் தடிமன் 2 செ.மீ என்று வச்சுக்குவோம். உள்ளே மிஞ்சுறது 11 செ.மீ விட்டமும் 5.5 செ.மீ ஆழமும் உள்ள அரை உருண்டைக் குழி. அது விளிம்பு வரைக்கும் ஏறக்குறைய 350 மி.லி தண்ணிதான் பிடிக்கும். இடிக்கும்போது பாதிக்கு மேல போட முடியாது. போட்டோவைப் பார்த்து 'ஒரு குடும்பத்துக்கு சட்னி அரைக்கலாம்' என்று வாங்கினவங்களுக்கு இஞ்சி பூண்டு தட்டுற அளவில் ஒரு கல் வந்து நின்னா கோபம் வராதா? அளவுக் கோப்பையில் தண்ணி ஊத்தி ஒரு வீடியோ கேளுங்க, முடிஞ்சது.

எடையையும் தனியா கேளுங்க, சொன்ன பதிலைக் கணக்குப் போட்டுப் பாருங்க. கருங்கல் ஒரு கன செ.மீக்குச் சுமார் 2.7 கிராம். மேலே சொன்ன இடிகல்லில் குழியைக் கழிச்சா சுமார் 1,240 கன செ.மீ கல் இருக்கும். அதாவது 3.3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. குழவியோட சேர்த்து 3.7 கிலோ பக்கம் வரணும். சப்ளையர் '2 கிலோ' என்றால் ஒண்ணு அளவு தப்பு, இல்லைன்னா அது கல்லே இல்லை. ஆனா மாக்கல்லும் ஏறக்குறைய இதே கனம்தான். அதனால எடையை வச்சு கல் வகையைக் கண்டுபிடிக்க முடியாது, அதுக்கு ஆணிதான். கூரியர் கட்டணமும் இந்த எடையில்தான் நிற்கும், அட்டைப்பெட்டியும் பேக்கிங்கும் சேர்ந்த எடையைக் கேட்டு வாங்குங்க.

அப்புறம் அந்த ஊர்ப் பெயர். புதுக்கோட்டை பக்கம் நார்த்தாமலை போனவங்களுக்குத் தெரியும், ஊரே மொட்டைப் பாறைக் குன்றுகளுக்கு நடுவுல இருக்கு. மேலமலையில் 9-ம் நூற்றாண்டின் விஜயாலய சோழீச்சுரம் முழுக்கக் கருங்கல்லில் நிக்குது. அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பு இருக்கறதாலதான் சப்ளையரும் அதைப் போடறார். கல் அங்கே வெட்டினதா, இல்லை வேற ஊர்க் கல்லை அங்கே கொத்தினாங்களா, இல்லை சும்மா ஒரு பெயரா? எந்தப் பட்டறை என்று கேளுங்க, பில்லில் பட்டறை முகவரி வருமா என்று கேளுங்க. 'எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க' என்று பதில் வந்தா, ஊர்ப் பெயரை எடுத்துட்டு 'கருங்கல்' என்று மட்டும் போடுங்க. ஆன்லைன் சந்தைத் தளங்கள் வழியா விற்கிறவங்களுக்கு 2020-ம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் இருக்கு. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லைன்னா, திரும்ப வாங்க மாட்டேன்னு விற்பவர் சொல்ல முடியாது.

கடைசியா, பழக்கியதா பழக்காததா? புதுக் கருங்கல்லில் கல்தூள் இருக்கும். சோப்பு போடாம தேங்காய் நாரால் தேய்ச்சுக் கழுவி, ஊறவச்ச அரிசியை அரைச்சுக் கொட்டணும். அரிசி மாவு சாம்பல் நிறம் இல்லாம வெள்ளையா வர்ற வரைக்கும் இதைத் திரும்பச் செய்யணும். அதுக்கப்புறம் கல்லுப்பு போட்டு ஒரு சுற்று. பட்டறையிலேயே இதைச் செஞ்சுட்டாங்களா, வாங்கறவங்கதான் செய்யணுமா? இதை எழுதாம விட்டா, முதல் நாளே துவையலில் மணல் நறநறக்குது என்று ரிவ்யூ வரும்.

பதில்கள் வந்த பிறகு டிஸ்கிரிப்ஷன் எழுத அஞ்சு நிமிஷம் போதும். நம்ம உதாரணத்துக்கு இப்படி இருக்கும்: 'கையால் கொத்திய கருங்கல் இடிகல், குழவியுடன். வெளி விட்டம் 15 செ.மீ, உள் விட்டம் 11 செ.மீ, உள் ஆழம் 5.5 செ.மீ. விளிம்பு வரை சுமார் 350 மி.லி. எடை சுமார் 3.7 கிலோ, கைவேலை என்பதால் சிறிது மாறும். உட்புறம் பாலிஷ், பூச்சு இல்லை. இஞ்சி, பூண்டு, மிளகு இடிக்க ஏற்றது. அடுப்பில் வைக்கக் கூடாது. பழக்காத கல், பழக்கும் முறை பார்சலுடன் வரும்.'