தனிச்செய்தியைப் பொதுவெளியில் பகிரலாமா? சாரத்தை மட்டும் சொல்வது எப்படி?

வாட்ஸ்அப்பில் ஒருவர் தனக்கு மட்டும் அனுப்பிய செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பொதுப் பதிவில் வெளியிடும் வழக்கம் பரவலாக உள்ளது. பெயரை மறைத்துவிட்டாலோ, சொற்களை மாற்றி எழுதிவிட்டாலோ அனுப்பியவருக்குப் பாதிப்பு இல்லை எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் சொற்களை மறைப்பதும், சொன்னவரை மறைப்பதும் வேறு வேறு. இதனைப் பொதுவான சூழல் ஒன்றின் வழியே விளக்கலாம்.

செய்தி யாருக்குச் சொந்தம்?

கைக்கு வந்த கடிதம் பெற்றவருக்கே சொந்தம் என்பது பொதுவான எண்ணம். இங்கிலாந்தில் கவிஞர் அலெக்சாண்டர் போப், தமது கடிதங்களை அனுமதியின்றி அச்சிட்ட பதிப்பாளர் எட்மண்ட் கர்ல் மீது தொடுத்த வழக்கில், 1741-ஆம் ஆண்டிலேயே இந்த எண்ணம் மறுக்கப்பட்டது. கடிதத்தின் தாள் பெற்றவருக்கு உரியது. அதிலுள்ள எழுத்தை வெளியிடும் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது என்று நீதிமன்றம் கூறியது.

இந்தியாவில், அந்தரங்கத்திற்கான உரிமை அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. எனினும் இருவருக்கிடையே நடந்த உரையாடலை ஒருவர் வெளியிடும் ஒவ்வொரு நிகழ்வும் குற்றமாகிவிடுவதில்லை. வெளியிடப்பட்டது அவதூறா, பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளமா என்பன போன்ற கேள்விகளைப் பொறுத்தே பெரும்பாலும் சட்டம் குறுக்கிடுகிறது. மற்ற இடங்களில் முடிவு, பெற்றவரின் மனசாட்சியிடமே விடப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

60 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எண்ணிக்கொள்ளலாம். லிஃப்ட் மூன்று வாரங்களாக ஓடவில்லை. அதனைப் பழுதுபார்க்க ஒவ்வொரு வீட்டிலும் பணம் வசூலிக்கப்பட்டுள்ளது. குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர், தமக்குத் தெரிந்த ஒருவருக்குத் தனியாக இவ்வாறு எழுதுகிறார்:

“லிஃப்ட்டுக்கு ஒதுக்கிய பணம் போன மாதமே தண்ணீர் லாரிக்குச் செலவாகிவிட்டது. தலைவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதால் கூட்டம் போட முடியவில்லை. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.”

ஐந்தாம் மாடியில் முதியவர்கள் படியேற முடியாமல் தவிக்கும் நிலையில், இதைப் பெற்றவருக்கு அனைவரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. பணம் பொதுப் பணம். அதைப் பற்றி அறியும் உரிமை 60 வீட்டாருக்கும் உண்டு. ஆனால் தாயின் உடல்நிலை எவருக்கும் உரிய தகவல் அன்று. ஸ்கிரீன்ஷாட் இவ்விரண்டையும் பிரிக்காமல் ஒன்றாகவே வெளியே கொண்டுபோகிறது.

மாற்றி எழுதும்போது நேரும் பிழைகள்

முதற்பிழை, செய்தியின் அழுத்தத்தைக் கூட்டுவது. ‘லிஃப்ட் பணத்தைச் சுருட்டிவிட்டார்கள், தலைவரும் உடந்தை’ என்று பதிவிட்டால் அது சாரம் அன்று, புதிய குற்றச்சாட்டு. பொருளாளர் சொன்னது செலவு வேறு தேவைக்குத் திரும்பியது என்பதே. தலைவருக்குத் தெரியும் என்பதும் அவரது ஊகம் மட்டுமே. ‘நினைக்கிறேன்’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால், ஊகம் உண்மையாகிவிடுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின் கீழ் அவதூறு வழக்குக்கு ஆளாக வேண்டியவர், அப்போது பதிவிட்டவரே.

இரண்டாவது பிழை, மாற்றி எழுதியதை மேற்கோள் குறிக்குள் இடுவது. தமிழில் ‘என்று கூறினார்’ என முடித்தால், முன்னுள்ளவை சொன்னவரின் சொற்களே என வாசகர் கொள்வது வழக்கம். ‘செலவாகிவிட்டதாகத் தெரிவித்தார்’ என அயற்கூற்றாக எழுதினால், கருத்து அவருடையது, சொற்கள் எழுதுபவருடையவை என்பது விளங்கும்.

மூன்றாவது பிழையே அதிகம் கவனிக்கப்படாதது. ‘சங்கத்தில் உள்ள ஒருவர் கூறியதன்படி, லிஃப்ட் நிதி தண்ணீருக்குச் செலவிடப்பட்டுள்ளது’ என்ற வாக்கியத்தில் பெயர் இல்லை. மூலச் சொற்களும் இல்லை. ஆயினும் நிதி எங்கே போனது என்பது இருவருக்கு மட்டுமே தெரியுமானால், தலைவர் இதைப் படித்த மறுநொடியே சொன்னவர் யார் என்பதை அறிந்துகொள்வார்.

அடையாளம் காட்டாமல் எழுதுவது எப்படி?

எழுதிய வாக்கியத்தை வெளியிடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தத் தகவல் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்க முடியும்? அந்த எண் மிகச் சிறியதாயின், சொற்களை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை. தகவலையே விட்டுவிட்டு, அது சுட்டும் கேள்வியை மட்டும் எழுப்புவதே வழி. இந்த எடுத்துக்காட்டில் பதிவு இவ்வாறு அமையலாம்:

‘லிஃப்ட் பழுதுக்காக இதுவரை வசூலான தொகை, செலவான தொகை, கையிருப்பு ஆகியவற்றைச் செயற்குழு இந்த வாரத்திற்குள் தெரிவிக்க வேண்டும்.’

மூன்று வாரங்களாகப் படியேறும் எவரும் கேட்கக்கூடிய கேள்வி இது. கணக்கு வெளியானால் உண்மை அதன் வழியே தெரியவரும். பொருளாளரின் பெயர் எங்கும் வராது. செய்தி வந்த அன்றே பதிவிடாமல் ஓரிரு நாள் பொறுப்பதும் நல்லது. நேரத்தின் பொருத்தமும் அடையாளம் காட்டிவிடும்.

தகவலை அறிந்தவர்கள் பலராக இருக்கும்போது சாரத்தை எழுதுவதில் தவறில்லை. அப்போதும் அனுப்பியவரின் வழக்கமான சொற்களையும், குடும்ப விவரங்களையும் நீக்க வேண்டும். ‘அவன்’, ‘அவள்’ என்பவை பாலைக் காட்டிவிடும் என்பதால் ‘அவர்’, ‘ஒருவர்’ என்பவையே பாதுகாப்பானவை.

இவை எல்லாவற்றுக்கும் முன், அனுப்பியவரிடம் அனுமதி கேட்பதே முறை. ‘இதைப் பகிரலாமா’ என்று மட்டும் கேட்டால் போதாது. எழுதி முடித்த வாக்கியத்தையே அனுப்பி, இந்தச் சொற்களில், இந்த இடத்தில், பெயரின்றி வெளியிடச் சம்மதமா என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது.

சொல்லுக்குச் சொல் தேவைப்படும் இடம்

மிரட்டல், பாலியல் தொல்லை, பண மோசடி ஆகியவற்றில் அனுப்பியவரின் இரகசியத்தைக் காக்கும் கடமை பெற்றவருக்கு இல்லை. அங்கே சரியான சொற்களே சான்று. ஆனால் அந்தச் சான்று முதலில் சென்று சேர வேண்டிய இடம் காவல்துறை. cybercrime.gov.in தளத்தில் புகார் அளிக்கலாம். இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண்ணை அழைக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு மூலச் செய்தியை அழித்துவிடக் கூடாது. மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றம் ஏற்க, பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும் என்பதால், செய்தி உள்ள கைபேசியையும் பாதுகாக்க வேண்டும்.

பிறரை எச்சரிக்க ஸ்கிரீன்ஷாட்டை வெளியிட்டே ஆக வேண்டுமெனில், உரையாடலில் இடம்பெறும் மற்றவர்களின் பெயர், படம், எண் ஆகியவற்றை மறைக்க வேண்டும். கைபேசியின் மார்க்கர் கருவியால் தீட்டிய கறுப்பு பல நேரங்களில் முழுமையாக மறைப்பதில்லை. படத்தின் ஒளி அளவைக் கூட்டினால் கீழுள்ள எழுத்து தெரிந்துவிடும். அந்தப் பகுதியை வெட்டி நீக்குவதே பாதுகாப்பானது.