சோலை, தோப்பு, காடு

சூழல் விழிப்புணர்வுக் கட்டுரைகளில் இம்மூன்றும் ஒருபொருட் சொற்களாகக் கலந்துவிடுகின்றன. அது பொருளையே மாற்றிவிடும். தோப்பு மனிதர் நட்டது, பெரும்பாலும் ஒரே வகை மரம்: மாந்தோப்பு, புளியந்தோப்பு. காடு தானே வளர்வது. சோலை என்பது நிழல் செறிந்த மரக்கூட்டம். தாவரவியலில் இச்சொல் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில், புல்வெளிகளுக்கிடையே பள்ளத்தாக்கு மடிப்புகளில் நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காட்டைச் சுட்டும். தமிழ்ச்சொல்லே உலகெங்கும் அதன் கலைச்சொல்லானது.

நீலகிரியில் சோலையைச் சூழ்ந்த புல்வெளிகளில் சீகை, தைலமரம் நட்டதைக் ‘காடு வளர்ப்பு’ என்று எழுதுவது தவறு. அங்கே உருவானது தோப்பு. இழந்தது மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல ஓடைக்கு விடும் புல்வெளி. மரங்களை மட்டும் எண்ணினால் இந்த இழப்பு தெரியாது.